மஜ்ஜை மாற்றுக்குப் பின் ஜி.வி.எச்.டி.: ரத்த அறிக்கையும் உடம்பும் சேர்ந்து சொல்வது

கேள்வி: என் தம்பிக்கு எலும்பு மஜ்ஜை மாற்று செய்து இன்று 29-ஆவது நாள். எங்கள் அக்காதான் கொடையாளர்; ஹெச்.எல்.ஏ. முழுப் பொருத்தம். இரண்டு நாளாக உள்ளங்கையும் காது மடலும் சிவந்திருக்கின்றன, மூன்று நான்கு முறை நீராகப் போகிறது, 0.7 ஆக இருந்த பிலிருபின் 1.6 ஆகிவிட்டது. "ஜி.வி.எச்.டி.யாக இருக்கலாம், பார்ப்போம்" என்கிறார்கள். தினமும் இத்தனை குழாய் ரத்தம் எடுக்கிறார்களே, அதில் உறுதியாகத் தெரியாதா?

பதில்:

தெரியாது. "ஆம், இது ஜி.வி.எச்.டி.தான்" என்று தனியாக நின்று சொல்லக்கூடிய ரத்தப் பரிசோதனை எதுவும் வழக்கமான மருத்துவத்தில் இல்லை. மருத்துவர்கள் தயங்குவது அறியாமையால் அல்ல. கொடையாளரின் நோயெதிர்ப்புச் செல்கள் பெற்றவரின் உடலைத் தாக்கும் இந்த நோய் ரத்தத்தில் நேராகத் தென்படாது, தோல், குடல், கல்லீரல் ஆகிய மூன்று இடங்களில் நடக்கும் சேதத்தின் நிழல் மட்டுமே ரத்தத்தில் விழுகிறது. அதே நிழல் வேறு காரணங்களாலும் விழலாம். அதனால்தான் அறிக்கையையும் உடம்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டியிருக்கிறது.

தாக்குவது யார் என்பதைப் பார்த்தால் இது விளங்கும். மாற்று சிகிச்சையில் உங்கள் தம்பியின் உடலுக்குள் சென்றவை ரத்தத்தை உற்பத்தி செய்யும் மூலச் செல்கள் மட்டுமல்ல. அக்காவின் முதிர்ந்த டி-செல்களும் கூடவே சென்றிருக்கின்றன. அந்நியத் திசு எது என்று அடையாளம் கண்டு அழிப்பதுதான் அவற்றின் தொழில். இங்கே அவற்றுக்கு அந்நியமாகத் தெரிவது தம்பியின் உடலே. ஹெச்.எல்.ஏ. முழுமையாகப் பொருந்தியிருந்தும் இது எப்படி என்று நீங்கள் நினைக்கலாம். ஹெச்.எல்.ஏ. என்பது செல்லின் மேற்பரப்பில் இருக்கும் தட்டு போன்றது. தட்டு ஒன்றாக இருந்தாலும் அதன்மேல் வைக்கப்படும் சிறு புரதத் துணுக்குகள் ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆணின் ஒய் குரோமோசோமிலிருந்து வரும் புரதங்களைப் பெண்ணின் டி-செல்கள் தம் சொந்த உடலில் சந்தித்ததே இல்லை. சகோதரி கொடுத்து சகோதரன் பெறும்போது, அதிலும் அந்தச் சகோதரி குழந்தை பெற்றவராக இருந்தால், ஜி.வி.எச்.டி. வாய்ப்பு சற்றுக் கூடுவதற்கு இதுவே காரணம்.

இந்த டி-செல்களை ரத்தத்தில் எண்ணினால் என்ன கிடைக்கும்? புதிய மஜ்ஜை வேர்பிடித்து வரும் எவருக்கும் கிடைக்கும் அதே லிம்போசைட் எண்ணிக்கைதான் கிடைக்கும். தாக்கும் டி-செல்லும் அமைதியாக இருக்கும் டி-செல்லும் வழக்கமான ரத்த எண்ணிக்கையில் ஒன்றுபோலவே தெரியும். கிமெரிசம் பரிசோதனை, ரத்தச் செல்களில் எத்தனை விழுக்காடு கொடையாளருடையவை என்று மட்டும் சொல்லும். அவை என்ன செய்துகொண்டிருக்கின்றன என்று சொல்லாது. ஆகவே எதிரியைத் தேடாமல், எதிரி போன தடத்தைத் தேட வேண்டும்.

தோலிலிருந்து தொடங்குகிறேன், பெரும்பாலும் நோயும் அங்கேதான் தொடங்குகிறது. உள்ளங்கை, உள்ளங்கால், காது மடல், கழுத்தின் பின்புறம், மார்பின் மேற்பகுதி ஆகியவை முதலில் சிவக்கும் இடங்கள். வெயிலில் காய்ந்ததுபோன்ற எரிச்சலோ, அரிப்போ, உள்ளங்கையை அழுத்தினால் வலியோ இருக்கும். உற்றுப் பார்த்தால் மயிர்க்கால்களைச் சுற்றிச் சிறு புள்ளிகளாகச் சிவப்பு கூடியிருப்பதைச் சிலரிடம் காணலாம். மாநிறத் தோலிலும் கருமையான தோலிலும் சிவப்பு எடுப்பாகத் தெரியாது. கருஞ்சிவப்பாகவோ வெறும் கருமையாகவோ தோன்றி ஏமாற்றிவிடும், அதனால் உள்ளங்கையையும் காது மடலையும் பகல் வெளிச்சத்தில் பார்ப்பது நல்லது. பரப்பை அளக்க நோயாளியின் கையே அளவுகோல்: விரல்களோடு சேர்ந்த ஒரு உள்ளங்கையின் அளவு உடலின் மேற்பரப்பில் ஏறக்குறைய 1 விழுக்காடு. 25 விழுக்காட்டுக்குக் கீழ் என்றால் முதல் நிலை, 25 முதல் 50 வரை இரண்டாம் நிலை, அதற்கு மேல் மூன்றாம் நிலை. உடல் முழுதும் சிவந்து கொப்புளமும் வந்தால் நான்காம் நிலை.

ஆனால் இந்தக் காலக்கட்டத்தில் தடிப்புக்குக் காரணமாகக்கூடியவை பல. நோய்த்தொற்றைத் தடுக்கத் தரப்படும் கோட்ரைமாக்சசோல் போன்ற மருந்துகள் இதேபோன்ற தடிப்பைத் தரும். புதிய வெள்ளணுக்கள் முதன்முதலாகப் பெருகும் நாட்களில் காய்ச்சலும் தடிப்பும் சேர்ந்து வருவதுண்டு. ஈசினோபில் கூடியிருந்தால் அது மருந்து ஒவ்வாமைதான் என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள், ஜி.வி.எச்.டி.யிலும் ஈசினோபில் கூடும் என்பதால் அந்த எண் இங்கே உதவாது. தோல் திசுவை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தாலும் முதல் சில வாரங்களில் மருந்துத் தடிப்பையும் ஜி.வி.எச்.டி.யையும் பிரித்துச் சொல்வது நோயியல் வல்லுநருக்கே கடினம்.

குடலுக்கு வருவோம். இங்கே குடும்பத்தார் செய்யும் பொதுவான தவறு எண்ணிக்கையைச் சொல்வது. "நான்கு முறை போனான்" என்பது நோயின் அளவைச் சொல்லாது. நான்கு முறையில் 200 மில்லியும் இருக்கலாம், 1,200 மில்லியும் இருக்கலாம். பெரியவர்களுக்கு நிலை பிரிக்கப்படுவது ஒரு நாளின் மொத்தக் கன அளவை முதன்மையாக வைத்துத்தான்: 500 முதல் 999 மில்லி முதல் நிலை, 1,000 முதல் 1,500 இரண்டாம் நிலை, அதற்கு மேல் மூன்றாம் நிலை. கடும் வயிற்றுவலியோ, குடல் இயக்கம் நின்றுபோவதோ, கண்ணுக்குத் தெரியும் ரத்தமோ வந்தால் அளவு எதுவானாலும் நான்காம் நிலை. அளவுக்கோடு போட்ட பாத்திரத்தில் பிடித்து அளப்பது யாருக்கும் இனிய வேலை அல்ல. ஆயினும் அந்த வாரத்தில் உங்கள் கையால் கிடைக்கக்கூடிய மிக மதிப்புள்ள எண் அதுதான். பசியின்மை, சில வாய் சாப்பிட்டதும் வயிறு நிரம்பிய உணர்வு, விடாத குமட்டல் ஆகியவை மேல் குடலின் அறிகுறிகள். மருந்துகளால் வருவது என்று இவற்றைத் தள்ளிவிடுவது எளிது, பல நாள் தள்ளியும் விடுகிறார்கள்.

குடல் சேதத்தின் நிழல் ரத்தத்தில் அல்புமினாக விழுகிறது. குடலின் உட்சுவர் உரிந்தால் புரதம் மலத்தோடு கசியும். கல்லீரல் ஈடுகட்டுவதற்குள் அளவு இறங்கிவிடும். சாப்பிடாமல் இருந்தாலும், தொற்று இருந்தாலும் அல்புமின் குறையும் என்பது உண்மைதான். ஆனால் நான்கைந்து நாட்களில் 3.8-லிருந்து 3.1-க்கு இறங்கினால், அதே நாட்களில் பேதியின் அளவும் ஏறியிருந்தால், அந்த இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று உறுதிப்படுத்துகின்றன. நான் அறிக்கையைக் கையில் எடுத்தால் பிலிருபினுக்கு முன் அல்புமினைத்தான் தேடுவேன்.

கல்லீரலில் நிலைமை தலைகீழ். அங்கே தொடக்கத்தில் நோயாளிக்கு ஒன்றுமே தெரியாது, ரத்தம்தான் முதலில் பேசும். இந்த டி-செல்கள் கல்லீரலில் முதன்மையாகத் தாக்குவது நுண்ணிய பித்தக் குழாய்களின் உட்பூச்சுச் செல்களை. குழாய் சேதமடைந்தால் பித்தம் தேங்கும். ஆகவே பித்தத்தின் மஞ்சள் நிறமியான பிலிருபினின் நேரடி வகையும் அல்கலைன் பாஸ்பட்டேஸும் ஏறும். கல்லீரல் செல்கள் உடைவதைக் காட்டும் ஏ.எல்.டி. அந்த அளவுக்கு ஏறாமல் பின்தங்கி நிற்பதே வழக்கமான உருவம். பிலிருபின் ஒரு டெசிலிட்டருக்கு 2 மில்லிகிராமைத் தொட்டால்தான் கல்லீரலுக்கு முதல் நிலை. 3-ஐத் தாண்டினால் இரண்டாவது, 6-ஐத் தாண்டினால் மூன்றாவது, 15-ஐத் தாண்டினால் நான்காவது. நோயின் தரத்தைக் கணக்கிடும் அட்டவணையில் இடம்பெறும் ஒரே ரத்த எண் இதுதான். மற்றெல்லாம் உடம்பில் பார்த்தோ அளந்தோ எழுதுபவை.

ஆனால் பிலிருபினைப் போலப் பலருக்குச் சாட்சி சொல்லும் எண் வேறில்லை. ஜி.வி.எச்.டி.யைத் தடுக்கத் தரும் சைக்ளோஸ்போரினே பித்தம் வெளியேறுவதைத் தடுத்துப் பிலிருபினை ஏற்றும். பூஞ்சைத் தொற்றுக்கான வோரிகோனசோல் போன்ற மருந்துகள் கல்லீரலைத் தாமாகவும் உறுத்தும், சைக்ளோஸ்போரினின் ரத்த அளவைக் கூட்டி அதன் வழியாகவும் உறுத்தும். மாற்றுக்கு முந்தைய கடும் கீமோதெரபியால் கல்லீரலின் நுண் ரத்தக் குழாய்கள் அடைபடும் நோயும் உண்டு. அது பெரும்பாலும் முதல் மூன்று வாரங்களுக்குள் வரும், உடல் எடை ஏறும், வயிற்றில் நீர் சேரும், வலப்பக்க விலாவுக்குக் கீழே கல்லீரல் வலியோடு பெருத்திருக்கும். ரத்தத்தில் கிருமி பரவினாலும் பிலிருபின் ஏறும். இவற்றைப் பிரித்தறிய எண் போதாது. எடை, காய்ச்சல், மருந்துப் பட்டியல், மருந்தின் ரத்த அளவு, வயிற்று ஸ்கேன் எல்லாம் வேண்டும்.

இதை ஒரு நோயாளியின் நாட்களில் வைத்துக் காட்டுகிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன், போக்கு மட்டும் இப்படித்தான். 34 வயதுப் பெண், ரத்தப் புற்றுநோய், அண்ணன் கொடையாளர், முழுப் பொருத்தம். 17-ஆம் நாள் வெள்ளணுக்கள் வேர்பிடித்தன. 26-ஆம் நாள் காலையில் உள்ளங்கை எரிகிறது என்றார். பார்த்தால் இரு உள்ளங்கைகளும் காது மடல்களும் சிவந்து, மார்பிலும் முதுகின் மேற்புறத்திலும் புள்ளிகள். உள்ளங்கைக் கணக்கில் சுமார் 18 விழுக்காடு. அன்று பிலிருபின் 0.8, அல்கலைன் பாஸ்பட்டேஸ் 90, அல்புமின் 3.9. அதாவது ரத்தத்தில் ஒன்றுமில்லை. இரண்டு நாளுக்கு முன்புதான் கோட்ரைமாக்சசோல் தொடங்கியிருந்தார்கள். ஆகவே அன்றைய மிக நியாயமான எண்ணம் மருந்துத் தடிப்பு என்பதே. மருந்தை நிறுத்தி, ஸ்டீராய்டு களிம்பு தடவினார்கள். அன்றைய அறிக்கையில் ஒரே ஒரு எண் மட்டும் உறுத்தியது: சைக்ளோஸ்போரின் அளவு 110. அந்தக் காலத்தில் 200-லிருந்து 300 வரை வைத்திருப்பது அவர்கள் நோக்கம். முந்தைய மூன்று நாட்களும் அவர் மாத்திரையை விழுங்கிச் சற்று நேரத்தில் வாந்தி எடுத்திருந்தார், அதை யாரும் குறித்து வைக்கவில்லை. காவல் தளர்ந்திருந்த அந்த மூன்று நாட்கள்தான் பின்னால் நடந்தவற்றுக்கு இடம் கொடுத்தன என்று இன்றும் நினைக்கிறேன்.

31-ஆம் நாள் பேதி தொடங்கியது. "மூன்று முறைதான்" என்றார் கணவர். செவிலியர் அளந்தபோது 700 மில்லி, பச்சை கலந்த நீர். பிலிருபின் 1.4, அல்கலைன் பாஸ்பட்டேஸ் 190, ஏ.எல்.டி. 48, அல்புமின் 3.2. இவற்றில் எந்த எண்ணையும் தனியாக எடுத்தால் யாரும் பதற மாட்டார்கள். பிலிருபின் 2-ஐக்கூடத் தொடவில்லை. ஆனால் ஐந்தே நாட்களில் பாஸ்பட்டேஸ் இரட்டிப்பாகியிருக்கிறது, ஏ.எல்.டி. பெரிதாக அசையவில்லை, அல்புமின் சரிகிறது, மருந்தை நிறுத்தியும் தடிப்பு வாடவில்லை, சைக்ளோஸ்போரின் அளவோ குறைவாக இருந்தது. அந்தக் குறைந்த அளவு இங்கே இரண்டு செய்திகளைச் சொல்கிறது: பிலிருபின் ஏறியதற்கு அந்த மருந்து காரணமாக இருக்க வாய்ப்பில்லை, அதோடு டி-செல்களை அடக்கிவைத்த கை தளர்ந்திருந்தது. எடை ஏறவில்லை, ஸ்கேனில் நீரும் இல்லை, கல்லீரலுக்கு வரும் ரத்த ஓட்டமும் சீர். எனவே கல்லீரலின் நுண் ரத்தக் குழாய்கள் அடைபடும் நோய் பட்டியலிலிருந்து நீங்கியது.

33-ஆம் நாள் தடிப்பு 40 விழுக்காடு, பேதி 1,300 மில்லி, பிலிருபின் 2.4, அதில் நேரடி வகை 1.7. தோல் இரண்டாம் நிலை, கல்லீரல் முதல் நிலை, குடல் இரண்டாம் நிலை. மொத்தத் தரம் சராசரியால் வருவதில்லை, மோசமான உறுப்பைப் பொறுத்து வருகிறது. குடல் இரண்டாம் நிலையை எட்டியதால் மொத்தம் மூன்றாம் தரம். அன்று காலையே பெருங்குடலின் கடைப்பகுதியில் குழாய் செலுத்திச் சிறு திசுத் துணுக்குகள் எடுத்தார்கள். மலத்தில் பேதியைத் தரும் கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசிலி கிருமியின் நச்சு இல்லை, ரத்தத்தில் சி.எம்.வி. வைரஸ் இல்லை என்ற முடிவுகள் மாலைக்குள் வந்தன. திசு முடிவுக்குக் காத்திராமல் அன்று மாலையே மெத்தில்பிரெட்னிசோலோன், உடல் எடையில் கிலோவுக்கு 2 மில்லிகிராம் வீதம், சிரை வழியாகத் தொடங்கப்பட்டது. இரண்டு நாள் கழித்து வந்த நோயியல் அறிக்கை, குடல் சுரப்பிக் குழிகளின் அடியில் செல்கள் ஒவ்வொன்றாகத் தம்மையே அழித்துக்கொண்டு துணுக்குகளாகக் கிடப்பதையும், சில குழிகள் முற்றிலும் மறைந்திருப்பதையும், சி.எம்.வி. தடயம் இல்லாததையும் சொன்னது. அது ஜி.வி.எச்.டி.யின் கையெழுத்து.

சிகிச்சைக்குப் பின் எண்களைப் படிக்கும் முறையும் மாறுகிறது. ஐந்தாம் நாள் பேதி 450 மில்லியாகக் குறைந்தது, தடிப்பு மங்கியது, ஆனால் பிலிருபின் 2.6-ல் நின்றது. மருந்து வேலை செய்யவில்லையா என்று கணவர் கேட்டார். நேரடி பிலிருபினின் ஒரு பகுதி அல்புமினோடு உறுதியாக ஒட்டிக்கொள்ளும். அல்புமின் வாரக்கணக்கில் ரத்தத்தில் தங்குவதால் அந்தப் பகுதியும் மெதுவாகவே கரையும். குழாய்கள் ஆறத் தொடங்கிய பிறகும் மஞ்சள் நிறம் சில நாட்கள் பின்தங்கும் என்பதால், அந்த வாரத்தில் பேதியின் அளவுதான் நம்பத்தக்க சாட்சி. மாறாக, மூன்று முதல் ஐந்து நாட்களில் நோய் மேலும் ஏறினாலோ, ஏழு நாளாகியும் அசையாமல் நின்றாலோ ஸ்டீராய்டுக்கு அடங்காத நோய் என்று கொண்டு அடுத்த மருந்துக்குப் போவார்கள், பெரும்பாலும் ருக்சோலிட்டினிப். அமெரிக்காவில் அது இந்தப் பயன்பாட்டுக்கு 2019-ல் அனுமதி பெற்றது.

இந்தப் பெண்ணுக்கு அது தேவைப்படவில்லை, ஆனால் கதை அங்கே முடியவும் இல்லை. ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைத்துவந்தபோது 47-ஆம் நாள் பேதி 300-லிருந்து 800 மில்லிக்கு மீண்டும் ஏறியது. நோய் திரும்பிவிட்டது, ஸ்டீராய்டை ஏற்றுங்கள் என்பதே எல்லோருக்கும் தோன்றும் முதல் எண்ணம். ஆனால் அன்று தோல் சுத்தமாக இருந்தது, பிலிருபின் 1.3-க்கு இறங்கி இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது, பாஸ்பட்டேஸும் அப்படியே. மூன்று உறுப்புகளில் இரண்டு குணமாகிக்கொண்டிருக்க ஒன்று மட்டும் எதிர்த்திசையில் போனால், காரணம் வேறாக இருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். மறுபடியும் குடல் திசு எடுத்தார்கள், இம்முறை சி.எம்.வி. இருந்தது. ரத்தத்திலும் வைரஸின் அளவு ஏறத் தொடங்கியிருந்தது. ஸ்டீராய்டை ஏற்றியிருந்தால் வைரஸுக்குத்தான் உதவியிருக்கும். கான்சைக்ளோவிர் கொடுத்ததும் இரண்டு வாரத்தில் பேதி நின்றது. ரத்தமும் அறிகுறியும் ஒத்துப்போகும்போது கண்டுபிடிப்பது எளிது. இரண்டும் முரண்படும் இடத்தில் நிதானிப்பதுதான் அனுபவம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ரத்தத்தில் சி.எம்.வி. இல்லை என்றால் குடலிலும் இல்லை என்று பொருளல்ல. குடலில் மட்டும் வைரஸ் இருந்து ரத்தப் பரிசோதனை சுத்தமாக வருவதுண்டு. அதேபோல் திசுப் பரிசோதனையில் ஜி.வி.எச்.டி. தெரியவில்லை என்பதால் அது இல்லை என்றும் ஆகாது. சேதம் திட்டுத்திட்டாக இருக்கும். துணுக்கு எடுத்த இடம் நல்ல இடமாக அமைந்துவிடலாம். கல்லீரல் திசுவைப் பொதுவாகத் தவிர்ப்பார்கள், தட்டணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் ரத்தப்போக்கு அபாயம் அதிகம். மிகத் தேவையென்றால் கழுத்துச் சிரை வழியாக எடுப்பார்கள்.

வேறு சில எண்களையும் சேர்த்துப் பார்ப்பார்கள். தட்டணுக்கள் சரிந்து, செல்கள் உடைவதைக் காட்டும் எல்.டி.ஹெச். ஏறி, ரத்தப் பூச்சில் உடைந்த சிவப்பணுக்கள் தெரிந்து, ரத்த அழுத்தமும் கிரியேட்டினினும் உயர்ந்தால், அது நுண் ரத்தக் குழாய்களில் உறைவு ஏற்படும் வேறொரு சிக்கல். அதிலும் பேதியும் வயிற்றுவலியும் வரும், சைக்ளோஸ்போரினே அதைத் தூண்டக்கூடும். ஜி.வி.எச்.டி. என்று எண்ணி அந்த மருந்தையே கூட்டினால் விளைவு தலைகீழாகும்.

புதிய குறிகாட்டிகள் பற்றி நீங்கள் இணையத்தில் படித்திருக்கலாம். எஸ்.டி.2, ரெக்3 ஆல்ஃபா என்ற இரண்டு புரதங்களை ரத்தத்தில் அளந்து ஒரு நிகழ்தகவு கணக்கிடும் முறை இருக்கிறது. ரெக்3 ஆல்ஃபா குடலின் சுரப்பிக் குழிகளில் உருவாகும் புரதம். குடலின் சுவர் ஓட்டையானால் அது ரத்தத்துக்குள் கசியும், ஆகவே அதன் அளவு குடலின் புண் எவ்வளவு என்பதற்கு ஒரு மதிப்பீடு. ஆனால் இந்த முறையின் பலம், நோய் இருக்கிறதா என்று சொல்வதில் இல்லை. நோய் கடுமையாகுமா, சிகிச்சைக்கு அடங்குமா என்று முன்கூட்டிச் சொல்வதில் இருக்கிறது. எல்லா மையங்களிலும் கிடைப்பதுமில்லை. உங்கள் தம்பிக்கு அது செய்யப்படவில்லை என்பதால் ஏதோ விடுபட்டதாக எண்ண வேண்டாம்.

முன்பெல்லாம் 100-ஆம் நாளுக்கு முன் வந்தால் கடுமையான வகை, பின் வந்தால் நாட்பட்ட வகை என்று பிரித்தார்கள். இப்போது நாளைப் பார்ப்பதில்லை, உருவத்தைப் பார்க்கிறார்கள். நோயெதிர்ப்பு அடக்கும் மருந்தைக் குறைக்கும்போது ஐந்தாம் மாதத்திலும் இதே தடிப்பும் பேதியும் வரலாம். அந்தக் காலத்தில் வரும் கல்லீரல் வகை வேறு முகம் காட்டுவதும் உண்டு: பிலிருபினுக்கு முன் ஏ.எல்.டி. பத்து மடங்கு ஏறி, வைரஸ் மஞ்சள் காமாலைபோலத் தோன்றும். நான் மேலே சொன்ன "ஏ.எல்.டி. பின்தங்கும்" என்ற அடையாளம் அங்கே பொருந்தாது.

இனி உங்கள் தம்பியின் எண்களுக்கு வருகிறேன். பிலிருபின் 1.6 என்பது அட்டவணைப்படி இன்னும் பூஜ்ய நிலை, ஆனால் 0.7-லிருந்து ஏறியது என்பதால் பொருட்படுத்த வேண்டிய எண். உள்ளங்கையும் காது மடலும், பேதியும், பிலிருபினும் ஒரே சில நாட்களில் சேர்ந்து கிளம்பியிருப்பது ஜி.வி.எச்.டி.யின் பக்கம் சாய்கிறது. "பார்ப்போம்" என்று அவர்கள் சொல்வதன் பொருள் பெரும்பாலும் சி.எம்.வி., மல நச்சு, மருந்தின் ரத்த அளவு ஆகிய முடிவுகளும், அடுத்த ஓரிரு நாட்களின் போக்கும் வரட்டும் என்பதே. நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்று: சைக்ளோஸ்போரின் அல்லது அதே வேலையைச் செய்யும் டாக்ரோலிமஸ் அளவு இந்த வாரம் எவ்வளவு, அல்கலைன் பாஸ்பட்டேஸும் அல்புமினும் ஒரு வாரத்துக்கு முன் எவ்வளவு, கடைசி பத்து நாட்களில் புதிதாகத் தொடங்கிய மருந்துகள் எவை. நீங்கள் அவர்களுக்குக் கொடுக்க வேண்டியவை: 24 மணி நேர பேதியின் அளவு மில்லிலிட்டரில், தினமும் ஒரே வெளிச்சத்தில் எடுத்த உள்ளங்கைப் படம், மாத்திரை விழுங்கிய நேரமும் வாந்தி எடுத்த நேரமும். மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, வயிறு உப்பி வலித்தாலோ, தோலில் கொப்புளம் கிளம்பினாலோ, காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டாலோ மறுநாள் காலைச் சுற்றுவரை காத்திருக்காமல், எந்த நேரமானாலும் அப்போதே பணியில் இருக்கும் மருத்துவரை அழையுங்கள்.